வங்கி போட்டுக் கொடுத்த 'ஃபயர்' பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்குமா?

தென்பெண்ணை வாசி | 9 டிசம்பர் 2024, காலை 7.40

வணக்கம். கடலூரில் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய நகர் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நவம்பர் 30 இரவு எங்களுக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. சாத்தனூர் அணையில் திறந்த நீர் டிசம்பர் 2ஆம் தேதி ஆற்றில் பெருகி வந்தபோதுதான் எல்லாம் போயிற்று. கூடத்தில் மூன்றடி நீர். பின்பக்கச் சுற்றுச்சுவர் அடியோடு சாய்ந்துவிட்டது. கதவுகள் ஊறி உப்பி மூட முடியவில்லை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தைகள், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணிமணிகள் என்று சேதக் கணக்கு நீள்கிறது.

2019இல் வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியே 10 ஆண்டுகளுக்கு ஒரு பாலிசி எடுத்துக் கொடுத்தது. கையில் இருப்பது இரண்டு தாள்கள்தான். மேலே 'ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்' என்று இருக்கிறது. காப்பீட்டுத் தொகை 18 லட்சம். கிளையில் விசாரித்தேன். "இது தீ விபத்துக்கான பாலிசி சார், வெள்ளத்துக்கு வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது சரிதானா?

முகவர் மதுரை | காலை 8.15

கவலைப்படாதீர்கள் சார், கிளையில் சொன்னது தவறு. இப்போது வீடுகளுக்கு இருப்பது பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி. 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் இதைத்தான் கொடுக்கின்றன. புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதில் உள்ளவை. காப்பீட்டுத் தொகை குறைவாக இருக்கிறது என்று இழப்பீட்டை வெட்ட முடியாது. வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம் தானாகவே சேர்ந்துவிடும். உங்களுக்கு 18 லட்சம் என்றால் பொருட்களுக்கு 3,60,000 ரூபாய். தைரியமாக கிளெய்ம் போடுங்கள்.

பழைய சர்வேயர் | காலை 9.30

பொதுக் காப்பீட்டில் சேத மதிப்பீட்டாளராக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கஜா புயலிலும் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். மதுரைத் தம்பி சொன்ன தகவல்கள் பாரத் கிருஹ ரக்ஷாவுக்குப் பொருந்தும். தென்பெண்ணை வாசி கையில் இருப்பது அதுவல்ல. 2019இல் தொடங்கிய நீண்டகால பாலிசி, எழுதிக் கொடுத்த வாசகத்தோடுதான் முடியும் நாள் வரை ஓடும். 2021இல் புதிய பாலிசி வந்ததால் பழையது தானாக மாறிவிடாது.

பழைய பாலிசியின் பெயரில் 'ஃபயர்' முன்னால் நிற்பதால் பலர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அது பெயர் சொல்லிப் பட்டியலிட்ட ஆபத்துகளுக்கான பாலிசி. தீ, மின்னல், வெடிப்பு, கலவரம், வாகனம் மோதுதல், நிலம் அமிழ்தல், நிலச்சரிவு, தண்ணீர்த் தொட்டி வெடித்தல் என்று ஒரு வரிசை. அந்த வரிசையில் புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல் ஆகியவை ஒரே வரியாக வரும். எங்கள் தொழிலில் அந்த வரிக்கு 'எஸ்டிஎஃப்ஐ' என்று பெயர். பட்டியலில் இருப்பது கிடைக்கும், இல்லாதது கிடைக்காது, அவ்வளவுதான். நிலநடுக்கம் பழைய பாலிசியின் பட்டியலில் இல்லை. தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் உண்டு.

ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய முறையில் இந்த எஸ்டிஎஃப்ஐ வரியை நீக்கிவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நீக்கியிருந்தால் அச்சடித்த நிபந்தனைத் தாளில் வெள்ளம் என்று இருந்தாலும் பயனில்லை. உங்கள் பாலிசியின் விவரங்களை அடித்துத் தரும் ஷெட்யூல் தாளில் ஒரு மூலையில் 'எஸ்டிஎஃப்ஐ எக்ஸ்க்ளூடட்' அல்லது 'டிலீட்டட்' என்று சிறிதாக அடித்திருப்பார்கள். பிரீமியக் கணக்கு இருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் கழிவு என்று ஒரு தொகை காட்டியிருந்தால், எதற்காகக் கழித்தார்கள் என்று பாருங்கள்.

அதனால் முதலில் அந்த இரண்டு தாளையும் வெளிச்சத்தில் வைத்து எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். எஸ்டிஎஃப்ஐ பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? 'எது காப்பீடு செய்யப்பட்டது' என்ற இடத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன? பொருட்களுக்கென்று தனித் தொகை இருக்கிறதா?

விழுப்புரம் செல்வம் | காலை 10.05

எங்கள் பகுதியில் ரேஷன் கடையில் 2,000 ரூபாய் கொடுத்தார்கள். குடிசை இடிந்தவர்களுக்கு 10,000 என்று அறிவித்திருக்கிறார்கள். இதை வாங்கினால் இன்சூரன்ஸில் கழித்துக்கொள்வார்களா? வாங்காமல் விட்டுவிடலாமா?

பழைய சர்வேயர் | காலை 10.20

தாராளமாக வாங்குங்கள் தம்பி. அது அரசு கொடுக்கும் வாழ்வாதார நிவாரணம். இடிந்த சுவருக்கான இழப்பீடு ஆகாது. நான் எழுதிய எந்த அறிக்கையிலும் நிவாரணத் தொகையைக் கழித்ததில்லை. ஆனால் உங்களிடம் பாலிசி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

விழுப்புரம் செல்வம் | காலை 10.26

இல்லை ஐயா. இனிமேல்தான் எடுக்க வேண்டும்.

தென்பெண்ணை வாசி | மதியம் 1.10

ஐயா, மிக்க நன்றி. தாள்களை முழுதாகப் படித்தேன். எஸ்டிஎஃப்ஐ நீக்கம் என்று எங்கும் இல்லை. பிரீமியத்தில் கழிவு காட்டியிருக்கிறார்கள், அது நீண்டகால பாலிசிக்கானது என்று பக்கத்திலேயே இருக்கிறது. காப்பீடு செய்யப்பட்டது என்ற இடத்தில் 'குடியிருப்புக் கட்டடம், அஸ்திவாரம் உட்பட' என்று மட்டும் உள்ளது. பொருட்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஃபிரிட்ஜ், மெத்தை எதற்கும் கிடைக்காதா?

இன்னொன்று. இங்கே ஒருவர், அணையைத் திறந்து விட்டதால் வந்த நீர் மனிதர்கள் செய்த காரியம், அதை வெள்ளமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்.

பழைய சர்வேயர் | மதியம் 2.00

வெள்ளம் உங்கள் பாலிசியில் இருக்கிறது. கிளையில் சொன்னதை மறந்துவிடுங்கள். அணை நீர் பற்றிய பேச்சையும் விட்டுவிடுங்கள். பாலிசி 'வெள்ளம், நீர் சூழ்தல்' என்று சொல்கிறது. நீர் மழையிலிருந்து வந்ததா, ஏரி உடைந்து வந்ததா, மதகைத் திறந்து வந்ததா என்று அது கேட்பதில்லை. 2015இல் அடையாற்றில் செம்பரம்பாக்கம் நீர் வந்தபோதும் இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டார்கள். வெள்ளமாகத்தான் எழுதினோம்.

பொருட்கள் விஷயத்தில் நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. கோடு போட்டிருந்தால் கட்டடம் மட்டும்தான். வங்கிக்குத் தன் கடனுக்கு ஈடான கட்டடம் நிற்க வேண்டும், உங்கள் மெத்தையைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. கடனோடு வரும் பாலிசிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். புதிய பாலிசியிலும் கட்டடம் மட்டும், பொருட்கள் மட்டும், இரண்டும் என்று மூன்று வழி இருக்கிறது. தம்பி சொன்ன அந்த 20 சதவீதம், உச்சமாக 10 லட்சம் வரை, இரண்டையும் சேர்த்து எடுத்தவருக்குத்தான்.

நாளைக்குத் தள்ளாமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் பழைய பாலிசியின் நிபந்தனைப்படி சேதம் நடந்தவுடன் தகவல் கொடுக்க வேண்டும், 15 நாட்களுக்குள் சேத விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பாரத் கிருஹ ரக்ஷாவாக இருந்தால் 30 நாள். உங்களுக்கு டிசம்பர் 2 என்றால் 17ஆம் தேதிக்குள் எழுத்து மூலமாகப் போய்ச் சேர வேண்டும். வங்கியில் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக்கு நகல் வையுங்கள்.

நெய்தல் | மாலை 4.45

நான் காயல்பட்டினம். 2023 டிசம்பர் 17, 18இல் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிய ஊர். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், பொருட்களையும் சேர்த்து எடுத்தவர்களுக்குப் பயன்படும். வீட்டை விட்டு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். நான்காம் நாள் திரும்பி வந்தால், நீர் தொடாத உயரத்தில் வைத்திருந்த இன்வெர்ட்டர் பேட்டரிகளையும் சமையல் எரிவாயு உருளைகளையும் யாரோ தூக்கிப் போயிருந்தார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில், காப்பீடு செய்த ஆபத்தினால் ஏற்பட்ட திருட்டு ஏழு நாட்களுக்குள் நடந்திருந்தால் அதற்கும் உண்டு என்று ஒரு வரி இருக்கிறது. காவல் நிலையத்தில் மறுநாளே புகார் கொடுத்து ரசீது வாங்கியிருந்தேன். பேட்டரிகளுக்குப் பணம் வந்தது.

ஃபிரிட்ஜுக்குத்தான் தகராறு. நீர் வடிந்து மின்சாரம் திரும்ப வந்த அன்று ஒருமுறை ஓடி நின்றுவிட்டது. மின்னழுத்தம் ஏறியதால் எரிந்தது, வெள்ளத்தால் கெட்டதில்லை என்றார்கள்.

பழைய சர்வேயர் | மாலை 5.30

நெய்தல் சொன்ன திருட்டு வரி முக்கியமானது. பழைய பாலிசியில் நிலைமை நேர் எதிர். ஆபத்து நடக்கும்போதோ அதன் பிறகோ நடக்கும் திருட்டு கிடையாது என்றே எழுதியிருக்கும். தென்பெண்ணை வாசி, எதையாவது யாராவது எடுத்துப் போயிருந்தாலும் உங்கள் பாலிசியில் வழியில்லை.

ஃபிரிட்ஜைப் பற்றி: மின்கசிவு, ஷார்ட் சர்க்யூட், மிகை மின்னழுத்தம் இவற்றால் ஒரு கருவி தானே கெட்டால் அந்தக் கருவிக்கு இரண்டு பாலிசியிலும் கிடையாது. வெள்ள நீர் உள்ளே புகுந்து கெட்டால் உண்டு. எது நடந்தது என்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் கம்ப்ரஸர் பக்கத்தில் இருக்கும் ரிலே பெட்டிக்குள் வண்டல் படிந்திருக்கும். காய்ந்த சேறு தாள்போல உரிந்து வரும். அந்தக் கோடும் சுவரில் இருக்கும் நீர்க்கோடும் ஒரே உயரத்தில் இருந்தால் வாதம் முடிந்தது. நீங்கள் சுத்தமாகத் துடைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் அந்தச் சாட்சி போய்விட்டது. இயக்கிப் பார்க்காமல், துடைக்காமல் படம் எடுத்து வைத்திருந்தால் கேட்டு வாங்கலாம்.

முடிச்சூர் கல்யாணி | இரவு 8.10

அடுக்குமாடியில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மிக்ஜாம் புயலின்போது எங்கள் வளாகத்தில் கழுத்தளவு நீர். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் பாலிசி இருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். அது கட்டடத்துக்கும் பொது வசதிகளுக்கும். லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்குள் இருந்த கட்டில், டிவி, மாவு அரைக்கும் இயந்திரம் எதற்கும் அதில் இடமில்லை. கீழே நின்ற கார்களுக்கும் கிடையாது. காருக்குக் காரின் பாலிசிதான். என் கணவர் தனியாகப் பொருட்களுக்கு எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், சங்கத்தின் செயலாளர்தான் தேவையில்லை என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார். தாங்க முடியாத கோபம் இன்னும் இருக்கிறது.

முகவர் மதுரை | இரவு 8.40

அக்கா சொன்னது சரி. நகையும் ரொக்கமும் கூட அப்படித்தான். ரொக்கம் கிடையவே கிடையாது. நகைக்குத் தனியாக மதிப்புச் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஆனால் ஐயா, புதிதாக எடுப்பவர்கள் குழம்ப வேண்டாம். இப்போது எடுத்தால் வெள்ளம் கண்டிப்பாக உள்ளே இருக்கும். எங்கே எடுத்தாலும் ஒன்றுதான்.

பழைய சர்வேயர் | இரவு 9.15

தம்பி, கண்டிப்பாக என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பெயரில் எடுத்தால் இருக்கும். ஆனால் 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கைக்குப் பிறகு, முழுத் தொகுப்பாகத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு போன்றவற்றை வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பொருள் என்ன? சேர்க்காமலும் விடலாம். குறைந்த பிரீமியத்தில் 'அடிப்படை' என்று யாராவது நீட்டும்போது, எதை விட்டுவிட்டு அந்த விலை வந்தது என்று பார்க்க வேண்டும். விழுப்புரம் செல்வம் இனிமேல் எடுக்கப் போகிறார். அவருக்கு இதுதான் முதலில் தேவை.

தம்பி செல்வம், பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று கொடுப்பார்கள். பணம் கட்டும் முன்பே அதைக் கேளுங்கள். என்ன அடங்கும், என்ன அடங்காது என்று இரண்டு பகுதியாக இருக்கும். அதில் வெள்ளம், நீர் சூழ்தல், புயல் என்ற மூன்று சொல்லும் 'அடங்கும்' பக்கத்தில் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். 'இயற்கைப் பேரிடர்கள்' என்ற பொதுச் சொல் விளம்பரத்தில்தான் இருக்கும், பாலிசியில் எண்ணி வைப்பது தனித்தனிப் பெயர்களைத்தான். பிறகு ஷெட்யூலிலும் அதே இருக்கிறதா என்று சரிபாருங்கள். இரண்டும் மாறுபட்டால் பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்.

விழுப்புரம் செல்வம் | இரவு 9.40

எழுதி வைத்துக்கொண்டேன் ஐயா. எங்களுடையது ஓட்டு வீடு, சுவர் செங்கல்லும் மண்ணும். அதற்குக் கொடுப்பார்களா?

பழைய சர்வேயர் | இரவு 9.55

முன்மொழிவுப் படிவத்தில் சுவர் எது, கூரை எது என்று கேட்டிருப்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். 'காங்கிரீட்' என்று யாராவது டிக் செய்துவிட்டுக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். பின்னால் முழு கிளெய்மும் அந்த ஒரு டிக்கில் போய்விடும். நிறுவனத்துக்கு நிறுவனம் ஏற்பது மாறும், இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

தென்பெண்ணை வாசி | 10 டிசம்பர், காலை 6.50

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், பதிவு எண் வந்திருக்கிறது. ஐயா, ஒரு உதவி. கட்டடத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா? கொத்தனாரும் தச்சரும் மின்பணியாளரும் கொடுத்த மதிப்பீடு: சுற்றுச்சுவர் 1,00,000. கதவு, நிலைகள் 55,000. பூச்சும் வண்ணமும் 50,000. வயரிங் 35,000. மொத்தம் 2,40,000. வீடு 1,000 சதுர அடி.

பழைய சர்வேயர் | காலை 9.00

உங்கள் பகுதியில் இன்று இதே தரத்தில் கட்டினால் சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்? 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வீட்டின் மதிப்பு 24 லட்சம். உங்கள் காப்பீடு 18 லட்சம். வங்கி கடன் தொகையை வைத்துக் காப்பீட்டுத் தொகையைப் போட்டிருக்கும். பழைய பாலிசியில் மதிப்பில் முக்கால் பங்குக்குக் காப்பீடு செய்தால், மீதிக் கால் பங்குக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று கொள்வார்கள். சேதம் 18 லட்சத்துக்கு எவ்வளவோ கீழே இருந்தாலும் இந்த விகிதம் ஓடும். ஆக 2,40,000இல் முக்கால் பங்கு 1,80,000. இதிலிருந்து தேய்மானமும் கழிப்பார்கள். உங்கள் ஷெட்யூலில் மறுகட்டுமான மதிப்பு என்ற சேர்க்கை இருந்தால் அந்தக் கழிவு வராது. பாலிசித் தாளில் 'முதல் 5 சதவீதம் உங்கள் தலையில்' என்று ஒரு நிபந்தனை வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குடியிருப்புகளுக்குப் பொருந்தாது என்று அதே வரியில் இருக்கும்.

இதுவே பாரத் கிருஹ ரக்ஷாவாக இருந்தால் விகிதம் போடாமல் 2,40,000ஐ அப்படியே பேசலாம். இடிபாடு அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை கூடுதலாகவும் கேட்கலாம்.

ஆனால் உங்கள் சுற்றுச்சுவர் எனக்கு உறுத்துகிறது. புதிய பாலிசியில் வீட்டுக் கட்டடம் என்ற சொல்லுக்குள் சுற்றுச்சுவர், வாயிற்கதவு, தண்ணீர்த் தொட்டி, சூரியத் தகடு எல்லாம் அடக்கம் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். உங்களுடையதில் 'குடியிருப்புக் கட்டடம்' என்று மட்டும் இருக்கிறது. சர்வேயர் சுவரை ஒதுக்கினால் சேதம் 1,40,000 ஆகும், அதில் முக்கால் 1,05,000. மதிப்பீட்டில் சுவரைத் தனித் தலைப்பில் காட்டாமல், கட்டடமும் அதன் சுற்றுச்சுவரும் ஒரே சொத்து என்று கடிதத்தில் எழுதுங்கள். கடனுக்காக வங்கி செய்த மதிப்பீட்டு அறிக்கையில் சுற்றுச்சுவரைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். அதன் நகலை வாங்குங்கள். அதுதான் உங்களுக்குப் பலம்.

கட்டடப் பொறியாளர் | காலை 11.20

சுவரின் படம் ஒன்று போட முடியுமா? எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரிய வேண்டும்.

தென்பெண்ணை வாசி | மதியம் 12.05

ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வீட்டுப் பக்கம் மண் நிற்கிறது. ஆற்றுப் பக்கம் அஸ்திவாரத்துக்குக் கீழே மண் அரித்துப்போய் ஒரு ஆள் உட்காரும் அளவு பள்ளம்.

கட்டடப் பொறியாளர் | மதியம் 12.40

அப்படியென்றால் நீரின் அழுத்தத்தில் தள்ளப்பட்ட சுவராகத் தெரியவில்லை. அழுத்தத்தில் விழுந்தால் நீர் வந்த பக்கத்திலிருந்து உள்ளே, வீட்டை நோக்கித்தான் விழும். இது அடிமண் போய் விழுந்தது. சர்வேயர் கரை அரிப்பு என்று எழுத வாய்ப்பு அதிகம். ஆற்றரிப்பும் கடலரிப்பும் பாலிசியில் விலக்கு.

முகவர் மதுரை | மதியம் 1.15

அரிப்பு விலக்கு என்றால் சுவருக்கு வராது. நேரத்தை வீணாக்காமல் மற்றதைக் கேளுங்கள்.

பழைய சர்வேயர் | மதியம் 2.30

விட்டுக்கொடுக்க வேண்டாம். விலக்கு எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நிலம் அமிழ்தல், நிலச்சரிவு என்ற ஆபத்தின் கீழே, அதோடு சேர்த்துத்தான் ஆற்றரிப்பு இல்லை என்று இருக்கிறது. புதுக் கட்டடம் இயல்பாக அமர்வது, நிரப்பிய மண் இறங்குவது, குறையான கட்டுமானம் ஆகியவையும் அதே இடத்தில்தான். வெள்ளம் என்ற வரியின் கீழே அந்த விலக்கு கிடையாது. உங்கள் கிளெய்ம் வெள்ளத்தின் கீழ் வருகிறது. டிசம்பர் 1 வரை நின்ற சுவர், 2ஆம் தேதி வெள்ளத்தின் வேகத்தில் அடிமண்ணை இழந்து விழுந்தது. ஆண்டுக்கணக்கில் கரை கரைவது வேறு, ஒரே நாளில் வெள்ளம் பறித்துக்கொண்டு போவது வேறு.

கட்டடப் பொறியாளர் | மதியம் 3.10

ஐயா, வாதம் புரிகிறது. ஆனால் எல்லா மண்ணும் 2ஆம் தேதிதான் போனது என்று எப்படிக் காட்டுவார்? அந்தக் கரையில் முன்பே அரிப்பு இருந்திருக்கும். பள்ளத்தின் மேல் விளிம்பில் பழைய வேர்கள் வெளியே தொங்கி, வெயிலில் காய்ந்து கறுத்திருந்தால் அது பழைய அரிப்பு. மண் ஈரமாக, செங்குத்தாக வெட்டியதுபோல இருந்தால் புதியது. நான் சர்வேயராக இருந்தால் அதைத்தான் பார்ப்பேன்.

பழைய சர்வேயர் | மதியம் 3.25

நல்ல கேள்வி. பழைய படங்கள்தான் பதில். புதுமனை புகுவிழா, பிறந்தநாள், பின்பக்கம் துணி காயப்போட்டபோது எடுத்தது என்று எதிலாவது அந்தச் சுவரும் அதற்கு அப்பால் இருந்த கரையும் தெரிந்தால் தேடி எடுங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தில் பழைய ஆண்டுப் படங்களும் பார்க்கக் கிடைக்கும்.

தென்பெண்ணை வாசி | 14 டிசம்பர், இரவு 7.30

சர்வேயர் நேற்று வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். கூடத்துச் சுவரில் நீர்க்கோட்டை நாடாவால் அளந்தார், 3 அடி 2 அங்குலம். கதவுகளின் கீழ்ப்பகுதியில் பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிரிந்து நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டார். சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து உள்ளே இருந்த சேற்றையும் பார்த்தார். கிராம நிர்வாக அலுவலரிடம் வெள்ளச் சான்று வாங்கி வைத்திருந்தேன், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மொட்டை மாடியிலிருந்து படுக்கையறைக் கூரையில் நீர் கசிந்து பூச்சு விழுந்ததையும் காட்டினேன். அதை எழுதவே இல்லை. "இது வெள்ளம் இல்லை, தளத்தில் விரிசல்" என்றார். புயல் மழையில் கசிந்ததுதானே ஐயா?

சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பள்ளத்தின் படத்தை மட்டும் நிறைய எடுத்தார். 2022 பொங்கலுக்குப் பின்பக்கம் எடுத்த ஒரு படத்தில் சுவருக்கு அப்பால் வாழைக்கன்றுகள் இருக்கின்றன. அங்கே இப்போது வெறும் பள்ளம். அந்தப் படத்தைக் கொடுத்தேன்.

பழைய சர்வேயர் | இரவு 8.20

வாழைக்கன்று இருக்கும் படம் நல்ல சாட்சி. அவர் அறிக்கையில் அதைச் சேர்க்கும்படி மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

கூரைக் கசிவில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. புயல் காற்று ஓட்டைப் பெயர்த்து, அல்லது மரம் விழுந்து தளம் உடைந்து, அந்தத் திறப்பு வழியாக மழை இறங்கினால் அது புயல் சேதம். முன்பே இருந்த விரிசலில் மழை நீர் இறங்குவதைப் பராமரிப்புக் குறை என்றுதான் எழுதுவார்கள். கஜாவின்போது வேதாரண்யம் பக்கம் இதே வேறுபாட்டை வீட்டுக்கு வீடு பார்த்தேன். தென்னை விழுந்து கூரை போன வீட்டுக்கு உள்ளே நனைந்ததும் சேர்ந்து கிடைத்தது. பக்கத்தில் கசிந்த காங்கிரீட் வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

கட்டடப் பொறியாளர் | இரவு 8.50

இதில் எனக்கு உடன்பாடு இல்லை ஐயா. விரிசல் முன்பே இருந்தது என்பதை அவர்கள்தான் நிறுவ வேண்டும். காற்றழுத்தத்தில் பாரபெட் அசைந்து தளத்தோடு சேரும் இடத்தில் புது விரிசல் விழுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பாசி இல்லாமல் சிமெண்ட் வெளுப்பாகத் தெரிந்தால் புதிய விரிசல். தென்பெண்ணை வாசி, கசிந்த இடம் பாரபெட்டை ஒட்டியா, அறையின் நடுவிலா?

தென்பெண்ணை வாசி | இரவு 9.05

நடுவில்தான்.

கட்டடப் பொறியாளர் | இரவு 9.10

அப்படியென்றால் கடினம்தான். மற்றவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

முடிச்சூர் கல்யாணி | இரவு 9.30

பணம் உங்கள் கைக்கு வருமா, வங்கிக்குப் போகுமா தம்பி? எங்கள் வளாகத்தில் ஒருவருக்கு முழுவதும் கடன் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். கதவு மாற்ற அவரிடம் காசு இல்லை.

பழைய சர்வேயர் | இரவு 9.50

சகோதரி சொன்னதை இப்போதே கவனியுங்கள். பாலிசியில் வங்கியின் பெயர் இருந்தால் காசோலையில் அதற்குத்தான் முதல் உரிமை. பழுதுபார்க்கத் தொகையை உரிமையாளருக்குக் கொடுக்க மறுப்பில்லை என்று வங்கியிடம் ஒரு கடிதம் வாங்கி நிறுவனத்துக்குக் கொடுங்கள். தவணை தவறாமல் கட்டுபவருக்குப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். தொகை வந்த பிறகு கேட்டால் இழுத்தடிக்கும்.

சர்வேயருக்கு 15 நாளும், அறிக்கை கிடைத்ததும் முடிவெடுக்க நிறுவனத்துக்கு ஏழு நாளும்தான் இப்போதைய விதி. சுவரை மறுத்தால் எந்த வரியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிலம் அமிழ்தல் விலக்கைச் சொன்னால், கிளெய்ம் வெள்ளத்தின் கீழ் என்று பதில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மறுப்புக் கடிதத்திலிருந்து ஓராண்டுக்குள், 50 லட்சம் வரையிலான விவகாரங்களுக்கு. கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. முடிவு எப்படி இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இந்தச் சுவர் இரண்டு பக்கமும் போகக்கூடியது.

தென்பெண்ணை வாசி | 3 ஜனவரி 2025, மாலை 6.15

கடிதம் வந்துவிட்டது. கதவு, பூச்சு, வயரிங் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டின் மதிப்பை 24 லட்சம் என்றே எடுத்திருக்கிறார்கள். விகிதத்துக்கும் தேய்மானத்துக்கும் பிறகு 97,000 ரூபாய். சுவர் மறுப்பு. காரணம் 'ஆற்றரிப்பு' என்று ஒரே சொல், எந்த வரி என்று குறிப்பிடவில்லை. வங்கி மறுப்பின்மைக் கடிதம் கொடுத்துவிட்டது. 97,000ஐ வாங்கினால் சுவருக்குப் பிறகு கேட்க முடியாமல் போகுமா?

பழைய சர்வேயர் | மாலை 7.00

அவர்கள் நீட்டும் ரசீதைக் கவனமாகப் படியுங்கள். 'முழுமையான, இறுதித் தீர்வு' என்று இருந்தால் அப்படியே கையெழுத்திடாதீர்கள். ஒப்புக்கொண்ட பகுதிக்கு மட்டும் பெறுகிறேன், சுற்றுச்சுவர் குறித்த உரிமையைக் கைவிடவில்லை என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, நகல் எடுத்து வையுங்கள். அதே வாசகத்தை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சுவர் பற்றிய மறுப்புக்கு எந்த வரி என்று கேட்கும் கடிதம் தனியாகப் போகட்டும். வரைவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

விழுப்புரம் செல்வம் | மாலை 7.20

ஐயா, நான் இரண்டு நிறுவனத்தில் தகவல் தாள் வாங்கினேன். ஒன்றில் வெள்ளம், புயல் இரண்டும் 'கூடுதல் பிரீமியத்துடன்' என்று தனிக் கட்டத்தில் இருக்கிறது, டிக் இல்லை. மற்றொன்று பாரத் கிருஹ ரக்ஷா, எல்லாம் உள்ளே. ஓட்டு வீடு, மண் சுவர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆள் வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

பழைய சர்வேயர் | மாலை 7.35

வந்து பார்க்கட்டும் தம்பி. பார்த்துவிட்டு ஏற்ற பாலிசியைப் பின்னால் மறுப்பது அவர்களுக்குக் கடினம். தொகையைப் போடும்போது நிலத்தின் விலையைச் சேர்க்காதீர்கள், திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும். பொருட்களையும் சேர்த்தே எடுங்கள்.